வாடகை வீட்டு ரவுட்டர்: விவரமும் பாஸ்வேர்ட் மாற்ற அனுமதியும் கேட்டு ஹவுஸ் ஓனருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

தாம்பரம் பக்கத்தில் ஒரு முதல் மாடி வீடு. நெட் பில் வாடகையிலேயே அடக்கம், ரவுட்டர் ஹாலில் டிவிக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறது. ஓனர் பணி ஓய்வு பெற்று கும்பகோணத்தில் இருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அந்த வீட்டுக்குக் குடி போனார். வைஃபை பாஸ்வேர்டை அவருக்குச் சொன்னது கீழ் வீட்டுப் பையன். "இதுக்கு முன்னாடி இருந்த அண்ணன் எனக்குக் கொடுத்தாரு" என்று சொன்னானாம். அதாவது பழைய குடித்தனக்காரர், அவருடைய நண்பர்கள், கீழ் வீடு என்று எல்லோரிடமும் அதே பாஸ்வேர்ட்.

மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது நியாயம். எப்படிக் கேட்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. முதலில் வாட்ஸ்அப்பில் "சார், ரவுட்டர் பாஸ்வேர்ட் அனுப்புங்க" என்று ஒரு வரி அனுப்பினார். ஓனரும் அன்றே பதில் போட்டார்: ஏற்கெனவே கையில் இருந்த அதே வைஃபை பாஸ்வேர்ட். இரண்டு பேர் மீதும் தவறில்லை. கேள்வி தெளிவாக இல்லாததால் வந்த பதில் அது.

பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். அதன் பின் இன்னும் சிலருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களை வரிசைப்படி கீழே தருகிறேன்.

## 1. இணைப்பு யார் பெயரில் என்று முதலில் பாருங்கள்

நெட் இணைப்பு உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கியதென்றால் இந்தக் கடிதமே வேண்டாம். சுவரில் துளை போட மட்டும் ஓனரைக் கேட்டால் போதும்.

ஓனர் பெயரில் இருந்தால் கதை வேறு. அந்த இணைப்பில் யார் எதைச் செய்தாலும் நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பது அவர் பெயர். ஓடிபி போவதும் அவர் கைபேசிக்குத்தான். ரவுட்டருக்குள் நுழைய வழி தெரிந்தாலும், அவர் சரி என்று சொல்லும் வரை உள்ளே போகாதீர்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினியையோ நெட்வொர்க்கையோ அணுகுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவுக்குள் வருகிறது. வாடகை கொடுத்து வீட்டில் குடியிருப்பது வேறு, அந்தக் கருவி உங்களுடையதாவது வேறு.

வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மின்விசிறி எத்தனை, கீசர் எத்தனை என்று எழுதியிருக்கும் பட்டியலில் ரவுட்டரும் இருக்கிறதா? இருந்தால் கடிதத்தில் ஒரு வரியாக அதைக் குறிப்பிடலாம். வீட்டோடு ஒப்படைத்த பொருளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று ஓனருக்குப் புரியும்.

## 2. "பாஸ்வேர்ட்" என்பது மூன்று வெவ்வேறு விஷயம்

கடிதம் பயன் தருமா தராதா என்பதை இந்த ஒன்றே முடிவு செய்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது வைஃபை பாஸ்வேர்ட். கைபேசியையும் மடிக்கணினியையும் இணைக்கும்போது கேட்பது இதுதான். நாம் மாற்ற விரும்புவதும் இதைத்தான்.

இரண்டாவது ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்ட். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையத் தேவைப்படுவது. இது இல்லாமல் முதலாவதை மாற்ற முடியாது. பல வீடுகளில் இது கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சிட்டபடியே இருக்கும். சில வீடுகளில் இணைப்புக் கொடுக்க வந்தவர் மாற்றி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போயிருப்பார்.

மூன்றாவது, இணைப்புக்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும். ரவுட்டர் நிறுவனத்தோடு பேசுவதற்கானது இது. அமைப்புப் பக்கத்தில் WAN என்ற பகுதியில் PPPoE என்ற தலைப்பில் இருக்கும். எல்லா இணைப்பிலும் இது இருக்காது. இருந்தால் இதைத் தொட நமக்கு எந்த வேலையும் இல்லை.

மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி, எது வேண்டும், எதை மாற்றுவேன், எதைத் தொடமாட்டேன் என்று எழுத வேண்டும். ஓனர்கள் தயங்குவது பெரும்பாலும் மூன்றாவதை நினைத்துத்தான். "எதையாவது நோண்டி நெட் போய்விட்டால் நான்தானே கஸ்டமர் கேருக்கு அலைய வேண்டும்" என்பது அவர்கள் கவலை. அதில் அர்த்தம் இருக்கிறது. பின்பக்கத்தில் ஊசித் துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினால், வைஃபை பாஸ்வேர்டோடு சேர்ந்து அந்த மூன்றாவது விவரமும் அழிந்துபோகலாம். சில கருவிகள் நிறுவனத்திடமிருந்து தாமாகவே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சிலவற்றுக்கு ஆள் வந்து போட வேண்டும்.

இப்படி ஆன ஒரு வீட்டை நேரில் பார்த்தேன். PON விளக்கு பச்சையாக நிலையாக எரிகிறது, LOS சிவப்பு இல்லை. அதாவது ஃபைபர் கம்பியில் குறை ஏதும் இல்லை. ஆனால் இன்டர்நெட் விளக்கு மட்டும் வரவில்லை. ஊசியால் குத்தியவர் வாடகைதாரர், ஓடிபி போவது வெளியூரில் இருக்கும் ஓனருக்கு. நான்கு நாள் அந்த வீட்டில் நெட் இல்லை.

## 3. வேறு யார் அந்த வைஃபையில் இருக்கிறார்கள்?

கடிதம் எழுதும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மாடிப்படியில் சிசிடிவி கேமரா இருக்கிறதா? வாசலில் வீடியோ காலிங் பெல்? மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்குக் கைபேசியால் இயக்கும் ஸ்விட்ச்? இவை எல்லாம் ஓனருடையவை, பெரும்பாலும் இதே வைஃபையில் ஓடுபவை. பாஸ்வேர்டை மாற்றிய அந்த நிமிடமே எல்லாம் நின்றுவிடும்.

தாம்பரம் வீட்டில் மாடிப்படி திரும்பும் இடத்தில் வெள்ளை நிறத்தில் உள்ளங்கை அளவு கேமரா ஒன்று இருந்தது. தம்பி ஒரு மாதமாகத் தினமும் அதைக் கடந்து போகிறார், ஆனால் அது யாருடைய வைஃபையில் ஓடுகிறது என்று யோசிக்கவில்லை. கேட்டுப் பார்த்தபோது, ஓனரம்மா கும்பகோணத்திலிருந்து தினமும் காலையில் அதைத் திறந்து வாசலைப் பார்ப்பார் என்று தெரிந்தது. அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் மறுநாள் காலை முதல் வேலையாக அவரிடமிருந்துதான் போன் வந்திருக்கும்.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள். கீழ் வீட்டில் இருப்பவர்கள் ஓனரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறார்களா, பழைய குடித்தனக்காரர் கொடுத்ததால் பயன்படுத்துகிறார்களா? இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அவர்களிடம் சண்டைக்கும் போகாதீர்கள். "கீழ் வீட்டிலும் இந்த வைஃபை பயன்படுகிறது. அது தங்கள் ஏற்பாடா?" என்று கடிதத்தில் ஓனரிடமே கேட்டுவிடுங்கள். முடிவு அவருடையதாக இருந்தால் மனக்கசப்பு உங்கள் மேல் வராது.

## 4. எழுத உட்காரும் முன் கையில் வேண்டியவை

ரவுட்டரின் அடியில் அல்லது பின்பக்கம் இருக்கும் சீட்டைப் பார்த்து, கருவியின் மாடலையும் வரிசை எண்ணையும் (S/N என்று இருக்கும்) குறித்துக்கொள்ளுங்கள். ஓனருக்கு இரண்டு மூன்று வீடு இருக்கலாம். எந்த ரவுட்டர் என்று குழப்பம் வராமலிருக்கத்தான் இந்த எண். சீட்டை முழுதாகப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். அதே சீட்டில் பாஸ்வேர்டும் அச்சிட்டிருக்கும். படம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் போய்விட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான முகவரியையும் பார்த்து வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் வைஃபை பெயரைத் தொட்டு விவரம் திறந்தால் Gateway அல்லது Router என்ற இடத்தில் இருக்கும். விண்டோஸ் கணினியில் என்றால் கட்டளைச் சாளரத்தில் இப்படி:

```
ipconfig
```

Default Gateway என்ற வரியில் 192.168.1.1 போல ஓர் எண் வரும். இது உங்கள் கருவிகளிலேயே தெரிகிற தகவல், பார்ப்பதில் தவறில்லை. அந்த முகவரியைத் திறந்து உள்ளே நுழைவதை மட்டும் அனுமதி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

## 5. முதலில் போன், அன்றே கடிதம்

முன் அறிவிப்பு இல்லாமல் "பொருள்: அனுமதி கோருதல்" என்று ஒரு கடிதம் போய் நின்றால், இத்தனை நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஓனருக்குத் திக்கென்று இருக்கும். ஏதோ புகார் என்றுதான் முதலில் நினைப்பார். அதனால் ஒரு போன். "சார், வைஃபை பாஸ்வேர்ட் நிறைய பேர்கிட்ட இருக்கு. மாத்தலாம்னு நினைக்கிறேன். உங்க கேமராவும் அதுலதான் ஓடுது, அதனால உங்களைக் கேட்காம தொடல. விவரமா எழுதி அனுப்புறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க." இவ்வளவு போதும்.

போனிலேயே "சரிப்பா, மாத்திக்கோ" என்று சொல்லிவிடுவார் பலர். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து எதை மாற்றச் சொன்னார், எதைச் சொல்லவில்லை என்று அவருக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் இருக்காது. கடிதத்தை அன்றே அனுப்பினால் பேசியதற்கும் எழுதியதற்கும் தொடர்பு இருக்கும்.

தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நேரில் கொடுக்கலாம், மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பலாம். ஓனர் வழக்கமாக எதைப் படிக்கிறாரோ அதில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் என்றால் குரல் செய்தி வேண்டாம், எழுத்தாகவே இருக்கட்டும். பிறகு தேடி எடுக்க எழுத்துதான் வசதி.

## 6. கடிதம்

தாம்பரம் வீட்டுக்காக எழுதியதை, பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே தருகிறேன்.

> அனுப்புநர்
> (பெயர்),
> முதல் மாடி, (முகவரி),
> தாம்பரம்.
>
> பெறுநர்
> திரு. (பெயர்) அவர்கள்,
> வீட்டு உரிமையாளர்,
> கும்பகோணம்.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: முதல் மாடி வீட்டிலுள்ள ரவுட்டரின் விவரமும் வைஃபை பாஸ்வேர்டை மாற்ற அனுமதியும் கேட்பது.
>
> வணக்கம். இன்று காலை போனில் பேசியதை ஒட்டி இதை எழுதுகிறேன். வீட்டு ஹாலில் தங்கள் பெயரில் உள்ள இணைப்பின் ரவுட்டர் இருக்கிறது (மாடல் ______, வரிசை எண் ______). இதன் வைஃபை பாஸ்வேர்ட் முன்பு குடியிருந்தவர் காலத்திலிருந்து மாறவில்லை. வீட்டில் இப்போது இல்லாத சிலரிடமும் அது இருக்கிறது. இணைப்பு தங்கள் பெயரில் இருப்பதால், அதை மாற்றுவது தங்களுக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.
>
> தங்களிடமிருந்து எனக்குத் தேவைப்படும் விவரங்கள்:
>
> 1. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கான அட்மின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். (வைஃபை பாஸ்வேர்ட் என்னிடம் இருக்கிறது.) இதை எழுதி அனுப்ப வேண்டாம், போனில் சொன்னால் போதும். தங்களிடம் இல்லையென்றால், இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டு வாங்கித் தர வேண்டுகிறேன்.
> 2. இந்த வைஃபையில் தங்கள் கருவிகள் என்னென்ன ஓடுகின்றன? மாடிப்படிக் கேமரா ஒன்றை நான் பார்த்தேன். வேறு ஏதேனும் உண்டா?
> 3. கீழ் வீட்டிலும் இந்த வைஃபையைப் பயன்படுத்துகிறார்கள். அது தங்கள் ஏற்பாடா? தொடர வேண்டுமா?
>
> தங்கள் அனுமதி கிடைத்தால் நான் மாற்றுவது மூன்று மட்டுமே: வைஃபையின் பெயர், வைஃபை பாஸ்வேர்ட், அட்மின் பாஸ்வேர்ட். இணைப்பு அமைப்புகள் எதையும் தொடமாட்டேன். ரீசெட் பொத்தானை அழுத்தமாட்டேன்.
>
> மாற்றிய அன்றே புதிய விவரங்களைத் தங்களுக்குப் போனில் சொல்லிவிடுகிறேன். தங்கள் கேமரா மீண்டும் இயங்குகிறதா என்று தாங்கள் பார்த்துச் சொன்ன பிறகே வேலை முடிந்ததாகக் கொள்வேன். நான் செய்த மாற்றத்தால் இணைப்பு நின்றால், சரிசெய்ய ஆள் வரும் செலவை நான் ஏற்கிறேன். வீட்டைக் காலி செய்யும்போது அட்மின் பாஸ்வேர்டைச் சாவியோடு ஒப்படைப்பேன்.
>
> வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். அந்த நேரம் தங்களுக்கு வசதியில்லை என்றால் வேறு நாள் சொல்லுங்கள். சம்மதம் என்றால் "மேற்கண்டபடி மாற்றலாம்" என்று ஒரு வரி பதில் அனுப்ப வேண்டுகிறேன்.
>
> நன்றி.
>
> இடம்: தாம்பரம்
> நாள்: ______
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
> (பெயர், கைபேசி எண்)

"வைஃபை பாஸ்வேர்ட் என்னிடம் இருக்கிறது" என்று அடைப்புக்குள் ஒரு வரி இருக்கிறதல்லவா? அதை நீக்கிவிட வேண்டாம். அது இல்லையென்றால் மறுபடியும் அதே வைஃபை பாஸ்வேர்டே பதிலாக வரும்.

நாளும் நேரமும் சொல்லியிருப்பதற்கும் காரணம் உண்டு. மாற்றும் நேரத்தில் ஓனர் கைபேசியோடு இருக்க வேண்டும். கேமராவின் செயலி அவர் கையில்தான் இருக்கிறது, அது இல்லாமல் கேமராவைப் புது வைஃபையில் சேர்க்க முடியாது.

செலவை ஏற்கிறேன் என்ற வரியைச் சிலர் எழுதத் தயங்குகிறார்கள். என் அனுபவத்தில் தயங்கிய ஓனர்களைச் சம்மதிக்க வைத்தது அந்த வரிதான். "நான் செய்த மாற்றத்தால்" என்ற சொற்களைச் சேர்த்துவிடுங்கள். மழையில் கம்பி அறுந்ததற்கெல்லாம் நீங்கள் பொறுப்பாக வேண்டியதில்லை.

## 7. கடிதத்தில் நடக்கும் தவறுகள்

பழைய வைஃபை பாஸ்வேர்டைக் கடிதத்திலேயே எழுதிவிடுவது முதல் தவறு. "இப்போதைய பாஸ்வேர்ட் இது, இதை இப்படி மாற்றப் போகிறேன்" என்று பழையதும் புதியதும் சேர்த்து எழுதியவரைப் பார்த்தேன். ஓனர் அதை அப்படியே மகனுக்கு அனுப்பினார், மகன் குடும்பக் குழுவில் போட்டார். மாற்றுவதற்கு முன்பே புது பாஸ்வேர்ட் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது.

இரண்டாவது, குற்றம் சாட்டும் தொனி. "தாங்கள் பாதுகாப்பில் அக்கறை எடுக்காததால்" என்று ஆரம்பித்தால் படிப்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார். பாஸ்வேர்டைப் பலருக்கும் கொடுத்தது ஓனர் இல்லை, முன்பு இருந்தவர்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவது, பல கோரிக்கைகளை ஒரே கடிதத்தில் திணிப்பது. குழாய் ஒழுகுகிறது, பெயின்ட் உரிகிறது, அப்படியே ரவுட்டர் என்று எழுதினால் ரவுட்டருக்குப் பதில் வராது. குழாய்க்குத் தனிக் கடிதம்.

பதில் வர ஐந்தாறு நாள் பொறுங்கள். வராவிட்டால் போன் செய்து, "அனுப்பினேனே, படிச்சீங்களா சார்?" என்று கேளுங்கள். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## 8. அனுமதி வந்த பிறகு: மாற்றும் வரிசை

மடிக்கணினியை ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைத்துக்கொண்டு செய்வது நல்லது. வைஃபையில் இருந்துகொண்டே வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால், சேமித்த நொடியில் நீங்களே வெளியே தள்ளப்படுவீர்கள். கேபிள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புது பாஸ்வேர்டில் மறுபடி இணைந்து தொடரலாம்.

உள்ளே நுழைந்ததும் எதையும் மாற்றாமல், முதலில் WAN பக்கத்தையும் வைஃபை பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். ஏதாவது தவறினால் பழைய நிலை என்ன என்று பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம். Backup என்ற வசதி இருந்தால் அமைப்பைக் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலையும் இப்போது பாருங்கள். தாம்பரத்தில் அந்தப் பட்டியலில் பதினொரு கருவிகள் இருந்தன. தம்பியுடையவை மூன்று, கேமரா ஒன்று.

அடுத்து வைஃபையின் பெயரையும் (SSID என்று இருக்கும்) பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பாஸ்வேர்ட் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். 12-க்குக் குறையாமல், வீட்டு எண்ணும் கைபேசி எண்ணும் இல்லாமல் வையுங்கள். பாதுகாப்பு வகை WPA2 என்று இருக்கட்டும். WPA3 மட்டும் என்று வைத்தால் பழைய கேமராக்கள் இணையாமல் போகலாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயர் இருந்தால் இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, பழைய ஆட்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்களே என்று குழம்புபவர்கள் நிறைய.

இப்போது உங்கள் கைபேசியைப் புது பாஸ்வேர்டில் இணைத்து நெட் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு ஓனருக்குப் போன் போட்டு, கேமரா செயலியில் புது விவரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். மலிவான கேமராக்கள் பலவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும், அவரிடம் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். சில கேமராக்களை அருகில் போய் பொத்தான் அழுத்தி, ஓனர் கைபேசியில் வரும் குறியீட்டைக் காட்டித்தான் சேர்க்க முடியும். அப்படிப்பட்ட கேமராவாக இருந்து, ஓனர் வெளியூரில் இருந்தால் என்ன செய்வது?

தாம்பரத்தில் இதுதான் நடந்தது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பல ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இரண்டாவது வைஃபை ஒன்றை உருவாக்கலாம். அதற்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸில் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே எழுத்து பிசகாமல் கொடுத்துவிட்டால், கேமரா எதுவும் மாறவில்லை என்று நினைத்துத் தானாக இணைந்துகொள்ளும். அன்று இரண்டே நிமிடத்தில் கேமரா திரும்பி வந்தது, ஓனரம்மா வாசலைப் பார்த்துவிட்டுச் "சரி தம்பி, தெரியுது" என்றார். கடிதத்தில் வைஃபையின் பெயரை மாற்றவும் அனுமதி கேட்டிருந்தது இதற்குத்தான். முதன்மை வைஃபைக்குப் புதுப் பெயர் இருந்தால்தான் பழைய பெயரை கெஸ்டுக்குக் கொடுக்க முடியும்.

இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே என்பதை மறக்காதீர்கள். பழைய பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் கெஸ்ட் வழியாக இன்னும் நெட் பயன்படுத்தலாம். உங்கள் கருவிகள் இருக்கும் பக்கத்துக்கு வர முடியாது என்பது மட்டுமே லாபம். கடிதத்தில் கேட்ட மூன்றுக்கு மேல் இது ஒன்று கூடுதலாக வருவதால், போனில் இருக்கும்போதே ஓனரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அடுத்து எப்போது வருவார் என்று கேட்டு, அந்த நாளில் கேமராவை மாற்றிவிட்டு கெஸ்டை நிறுத்திவிடுங்கள்.

அட்மின் பாஸ்வேர்டைக் கடைசியாக மாற்றுங்கள். முதலிலேயே மாற்றி, தட்டச்சில் ஓர் எழுத்து பிசகினால் மற்ற எதையும் செய்ய முடியாமல் வெளியே நிற்க வேண்டிவரும், பிறகு ரீசெட் தவிர வழியில்லை. புது அட்மின் பாஸ்வேர்டை முதலில் தாளில் எழுதுங்கள், தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள், வெளியேறி மறுபடி நுழைந்து சரிபாருங்கள்.

## 9. ஓனர் வேண்டாம் என்றால்

அதுவும் நடக்கும். வற்புறுத்த வேண்டாம். "அப்படியானால் ரவுட்டரின் காலியான லேன் துளையிலிருந்து ஒரு கேபிள் எடுத்து என் சொந்த ரவுட்டரை இணைத்துக்கொள்ளலாமா? தங்கள் ரவுட்டரில் எதுவும் மாறாது" என்று ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

கேபிளின் மறுமுனையை உங்கள் ரவுட்டரின் WAN துளையில் செருக வேண்டும். இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் நெட் வராமல் முரண்டு பிடிக்கலாம். உங்களுடையதை 192.168.5.1 போல மாற்றுங்கள். ஓனரின் வைஃபையில் இருப்பவர்களால் உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவிகளைத் தொட முடியாது. ஆனால் நெட் வேகத்தை அவர்களோடு பகிர்ந்துகொள்வது அப்படியேதான் இருக்கும்.

## 10. முடிந்தபின் இரண்டாவது கடிதம், காலி செய்யும் நாள்

மாற்றிய அன்று மாலையே ஓனருக்கு நான்கு வரி எழுதுங்கள்: இன்ன தேதியில் இன்னின்னது மாற்றினேன், கேமரா இயங்குவதாகத் தாங்கள் உறுதி சொன்னீர்கள், கெஸ்ட் வைஃபை இன்ன நாள் வரை இருக்கும், கீழ் வீட்டுக்குத் தாங்கள் சொன்னபடி செய்திருக்கிறேன். பாஸ்வேர்ட் மட்டும் இதிலும் வேண்டாம், போனில் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தாம்பரம் ஓனர் அதைப் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி பீரோவுக்குள் வைத்துக்கொண்டார். நல்ல இடம்தான்.

காலி செய்யும்போது வைஃபை பாஸ்வேர்டை ஓனர் சொல்லும் புதியதாக மாற்றிக் கொடுங்கள். உங்கள் பாஸ்வேர்டை அப்படியே விட்டுப் போனால், அடுத்து வருபவருக்கு நீங்கள்தான் அந்த முன்னாள் குடித்தனக்காரர். அட்மின் பாஸ்வேர்டை எழுதிய தாளை உறையில் போட்டு ஒட்டி, வீட்டுச் சாவியோடு கொடுத்து, சாவிக்குப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கும் அதே தாளில் "ரவுட்டர் விவரம் உறையில்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.